கிரோமெட்: குழந்தையின் காதுக்கு எப்போது தேவை, போட்ட பிறகு என்ன நடக்கும்?

இரண்டு வயதைத் தாண்டிய ஒரு பெண் குழந்தையை ஜூன் மாதம் பிளே ஸ்கூலில் சேர்க்கிறார்கள். ஜூலையில் சளி, காய்ச்சல், அதைத் தொடர்ந்து நடுராத்திரியில் காதைப் பிடித்துக்கொண்டு அழுகை. குழந்தை மருத்துவர் ஆன்டிபயாடிக் சிரப் எழுதித் தருகிறார், சரியாகிவிடுகிறது. ஆகஸ்டில் மறுபடியும் அதே கதை. அக்டோபரில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை, ஜனவரியில் இன்னொரு முறை. கடைசி ஆறு மாதத்தில் மட்டும் நான்கு தடவை. "ஈ.என்.டி. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, கிரோமெட் வைக்கணுமான்னு அவர் சொல்லுவார்" என்கிறார் குழந்தை மருத்துவர்.

இந்தப் பாப்பா குறிப்பிட்ட எந்த வீட்டுக் குழந்தையும் அல்ல. விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்ட உதாரணம். ஆனால் இதே கணக்கோடு ஈ.என்.டி. மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர் நிறைய. அவர்கள் மனதில் இருப்பது இரண்டு கேள்விகள்தான். இத்தனை தடவை வந்தால் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா? செய்தால் இதோடு காது வலி போய்விடுமா? இரண்டுக்கும் பதில் பலர் நினைப்பதுபோல் நேரானது அல்ல.

காற்று போகாத அறை

செவிப்பறைக்கு, அதாவது காது ஜவ்வுக்குப் பின்னால் சிறிய அறை ஒன்று இருக்கிறது. அதுதான் நடுக்காது. அதில் எப்போதும் காற்று இருக்க வேண்டும். அந்தக் காற்றை மூக்கின் பின்புறத்திலிருந்து கொண்டுவருவது யூஸ்டேசியன் குழாய். நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு கணம் திறந்து மூடும். நடுக்காதில் ஊறும் ஈரம் வெளியேறுவதும் இதே வழியில்தான்.

சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும், பெரியவர்களுக்கு இருப்பதைவிடப் படுத்தவாக்கிலும் இருக்கிறது. அதைத் திறக்கும் தசைக்கும் போதிய பலம் இருப்பதில்லை. சளி பிடித்தால் மூக்கின் பின்புறம் வீங்கி, குழாயின் வாய் அடைபடுகிறது. அங்கேயே இருக்கும் அடினாய்டு சதை பெரிதாக இருந்தால் அதுவும் தன் பங்குக்கு இடைஞ்சல் செய்கிறது. கிருமிகள் தங்கவும் இடம் கொடுக்கிறது. காற்று போகாத நடுக்காதில் நீர் கோக்கிறது. அந்த நீரில் கிருமி பெருகினால் சீழ் பிடித்து ஜவ்வு வெளியே புடைக்கிறது. ராத்திரியில் குழந்தையை எழுப்பும் வலி அதுதான். ஆறு மாதத்திலிருந்து இரண்டு, மூன்று வயது வரை இது அதிகம். வளர வளரக் குழாய் நீண்டு சரிவாகிவிடுவதால், பள்ளிக்கூட வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொல்லை தானாகவே குறைந்துவிடும்.

இதில் பெற்றோர் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலைகள் இரண்டு. ஒன்று, காய்ச்சலும் வலியுமாக வரும் தொற்று. மற்றொன்று, தொற்று அடங்கிய பிறகும் வலியே இல்லாமல் ஜவ்வுக்குப் பின்னால் தங்கிப்போகும் நீர். முதலாவது சத்தம் போட்டுக்கொண்டு வருவதால் எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டாவது யார் கண்ணிலும் படுவதில்லை. கிரோமெட் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வதில் கண்ணில் படாத இந்த இரண்டாவதுக்குத்தான் கனம் அதிகம்.

எண்ணிக்கை மட்டும் போதாது

ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது ஒரு வருடத்தில் நான்கு முறை தொற்று வந்து, அதில் ஒன்றாவது கடைசி ஆறு மாதத்துக்குள் இருந்தால், அதை 'திரும்பத் திரும்ப வரும் நடுக்காதுத் தொற்று' என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். நம் பாப்பா இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள். அதற்காக உடனே ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிடுவதில்லை.

அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2013இல் வெளியிட்டு, 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. தொற்று திரும்பத் திரும்ப வந்திருந்தாலும், மருத்துவர் பரிசோதிக்கும் அன்று இரண்டு காதிலும் நீர் இல்லை என்றால் பொதுவாகக் கிரோமெட் வைக்க வேண்டாம். ஒரு காதிலாவது நீர் இருந்தால் கிரோமெட்டைப் பற்றிப் பெற்றோரிடம் பேசலாம். காரணம் இதுதான்: இரண்டு தொற்றுக்கு இடையில் நீர் முழுக்க வடிந்துவிடுகிறது என்றால், அந்தக் குழந்தையின் யூஸ்டேசியன் குழாய் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அந்தக் குழந்தைக்கு வரும் மாதங்களில் தொற்று குறையும் வாய்ப்பு அதிகம். நீர் தங்கிவிடுகிறது என்றால் குழாய் தடுமாறுகிறது. அடுத்த தொற்றுக்கு இடம் தயாராக இருக்கிறது.

எண்ணிக்கையிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சலோடு வீறிட்டு அழும் எந்தக் குழந்தைக்கும் ஜவ்வு சிவந்துதான் தெரியும். சிவப்பு மட்டும் தொற்று ஆகாது. ஜவ்வு புடைத்திருக்க வேண்டும், அல்லது புதிதாகக் காது ஒழுகியிருக்க வேண்டும். "காதைத் தொட்டுத் தொட்டு அழுகிறாள்" என்று போனில் சொல்லி வாங்கிய ஆன்டிபயாடிக்கையெல்லாம் ஒவ்வொரு தொற்றாகக் கூட்டிக்கொண்டால் கணக்கு தப்பாகிவிடும். எந்தத் தேதியில், எந்தக் காதில், மருத்துவர் காதுக்குள் பார்த்து என்ன எழுதினார் என்ற விவரம் இருந்தால் ஈ.என்.டி. மருத்துவருக்கு அது பெரிய உதவி.

ஜனவரியிலும் மார்ச்சிலும்

ஜனவரித் தொற்று வந்து பத்து நாள் கழித்துப் பாப்பா ஈ.என்.டி. மருத்துவரிடம் போகிறாள். அவர் ஆட்டோஸ்கோப் வைத்துப் பார்க்கிறார். பளபளப்பாக இருக்க வேண்டிய ஜவ்வு மங்கலாக, உள்வாங்கி இருக்கிறது. அடுத்து டிம்பனோமெட்ரி. காது வாயில் மென்மையான முனை ஒன்றை வைத்து, காற்றழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, ஜவ்வு அசைகிறதா என்று பார்க்கும் கருவி இது. வலி கிடையாது, குழந்தை சில விநாடி ஆடாமல் இருந்தால் போதும். ஜவ்வு நன்றாக அசைந்தால் தாளில் மேடு போன்ற கோடு வரும். பின்னால் நீர் இருந்தால் கோடு தட்டையாகவே ஓடும். பாப்பாவுக்கு இரண்டு காதிலும் தட்டைக் கோடு.

"இன்னிக்குத் தண்ணி இருக்கறதுல ஆச்சரியம் இல்லம்மா. பத்து நாள் முன்னாடிதானே வலி வந்திருக்கு. நிறையப் பிள்ளைங்களுக்கு ஒரு மாசம், ரெண்டு மாசம் வரைக்கும் இருந்துட்டுத் தானா வடிஞ்சிடும். ஆறு ஏழு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்கிறார் மருத்துவர்.

கூட வந்திருக்கும் பாட்டிக்கு ஒரு சந்தேகம். "இவ அப்பாவுக்கும் சின்ன வயசுல இப்படித்தான் டாக்டர், காது ஒழுகிக்கிட்டே இருக்கும். அஞ்சு வயசுக்கு அப்புறம் தானா நின்னுடுச்சு. இவளுக்கும் நின்னுடாதா?"

"நின்னாலும் நிக்கலாம்மா. அதுக்குத்தான் அவசரப்படாம பார்க்கறேன். ஆனா அந்த மூணு வருஷமும் அவளுக்குக் காது சரியாக் கேக்குதான்னும் பார்க்கணும் இல்லையா?"

பாட்டி கேட்டதும் நியாயம், மருத்துவர் சொன்னதும் நியாயம். நடுக்காதில் நீர் நிற்கும்போது கேட்கும் திறன் சராசரியாக 25 முதல் 30 டெசிபல் வரை குறையலாம். குழந்தை செவிடாகிவிடாது. பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது. சத்தமான வகுப்பறையில் டீச்சர் சொல்வதில் பாதியைத் தவறவிடும். சொல்லின் மெல்லிய ஓசைகள் பிடிபடாமல் மழலை நீண்டுகொண்டே போகும். வீட்டில் இதைப் பிடிவாதம் என்றோ கவனக்குறைவு என்றோ நினைத்துவிடுவது வழக்கம். மேல் அண்ணப் பிளவு, டவுன் சிண்ட்ரோம், ஏற்கனவே பேச்சில் பின்தங்கல் இவையெல்லாம் உள்ள குழந்தைகளுக்கு மருத்துவர்கள் மற்றவர்களுக்குப் பார்ப்பதுபோல் நீண்ட நாள் காத்திருப்பதில்லை.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் நீரை வற்றவைக்க மருந்து கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சளிக்குக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் சிரப்பும் மூக்கடைப்பு மருந்துகளும் இந்த நீரைக் குறைப்பதில்லை என்பது பல ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. தொற்று வராமல் தடுக்கவென்று மாதக்கணக்கில் தினமும் ஆன்டிபயாடிக் கொடுக்கும் பழைய வழக்கத்தையும் இப்போது பரிந்துரைப்பதில்லை. பலன் கொஞ்சம்தான், மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்த்துவிடும் ஆபத்து அதைவிடப் பெரிது. குறைக்கக்கூடியவற்றைக் குறைக்கலாம்: வீட்டுக்குள் சிகரெட், பீடிப் புகை, மல்லாந்து படுத்த நிலையில் பால் பாட்டில், நாள் முழுக்க வாயில் ரப்பர். நியூமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளலாம். 2021இல் இந்தியா முழுவதும் விரிவுபடுத்தப்பட்ட இந்த ஊசி, அரசு மையங்களில் 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணையாக இலவசமாகவே போடப்படுகிறது.

மார்ச் நடுவில் பாப்பா திரும்ப வருகிறாள். இடையில் பிப்ரவரியில் இன்னொரு தொற்று வந்து போயிருக்கிறது. கோடு இரண்டு காதிலும் இன்னும் தட்டைதான். சத்தம் கேட்டதும் பொம்மையைக் கூடையில் போடச் சொல்லும் விளையாட்டு முறையில் செவித்திறனைச் சோதிக்கிறார்கள். 30 டெசிபல் சத்தம் வந்தால்தான் கூடைக்குக் கை போகிறது. தொற்றுகளின் எண்ணிக்கை இருக்கிறது, நீர் தங்கியிருக்கிறது, கேட்பதும் குறைந்திருக்கிறது. இப்போது கிரோமெட் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. அதே மார்ச்சில் கோடு மேடாக மாறியிருந்தால், அதே மருத்துவர் "இப்ப வேண்டாம், மழைக்காலம் வரைக்கும் பார்ப்போம்" என்று அனுப்பியிருப்பார்.

கிரோமெட் என்ன செய்கிறது, என்ன செய்யாது

கிரோமெட் என்பது ஜவ்வில் பொருத்தும் மிகச் சிறிய குழாய். இரண்டு பக்கமும் விளிம்பு, நடுவில் சுமார் ஒரு மில்லிமீட்டர் துளை. பிளாஸ்டிக்கிலோ சிலிகானிலோ சில சமயம் உலோகத்திலோ செய்திருப்பார்கள். இன்று நடைமுறையில் இருக்கும் விதத்தில் இதை 1954இல் பிரபலமாக்கியவர் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க மருத்துவர்.

உள்ளே இருக்கும் நீரை இந்தத் துளை வழியாக வெளியே வடியவிடுவதற்குத்தான் குழாய் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முக்கியமான வேலை காற்றை உள்ளே விடுவது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக வராது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் காற்று புகுந்து எண்ணெய் ஒழுங்காக ஊற்றும். கிரோமெட் அந்த இரண்டாவது ஓட்டை. ஜவ்வு வழியாகக் காற்று நுழைவதால் உள்ளே அழுத்தம் சமமாகிறது. நடுக்காதில் ஊறும் ஈரம் யூஸ்டேசியன் குழாய் வழியாகத் தொண்டைக்கு இறங்க முடிகிறது. அடைபட்ட குழாய் வளர்ந்து சரியாகும் வரை அதன் வேலையில் பாதியைக் கிரோமெட் பார்த்துக்கொள்கிறது. குழாயையே அது சரிசெய்வதில்லை.

அதனால்தான் "போட்டால் இனிமேல் தொற்றே வராது" என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்ல முடியாது. 2021இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதை வெளிப்படையாகக் காட்டியது. திரும்பத் திரும்பத் தொற்று வந்த, 6 முதல் 35 மாதம் வரை வயதுள்ள 250 குழந்தைகளில் ஒரு பாதிக்குக் கிரோமெட் வைத்தார்கள். மறுபாதிக்குத் தொற்று வரும்போதெல்லாம் மருந்து கொடுத்தார்கள். இரண்டு வருடம் கவனித்ததில், கிரோமெட் வைத்தவர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 1.48 தொற்று, மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 1.56. சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. கிரோமெட் வைத்தவர்களுக்கு முதல் தொற்று தள்ளி வந்தது. ஆனால் காது ஒழுகிய நாட்கள் அவர்களுக்கே அதிகம். இந்த ஆய்விலும் ஒரு சிக்கல் உண்டு. மருந்துப் பிரிவில் இருந்த ஒரு பகுதிக் குழந்தைகளுக்குத் தொற்று நிற்காததால் பின்னர் கிரோமெட் வைக்க வேண்டியிருந்தது. ஆகவே மோசமாக அவதிப்படும் குழந்தைக்கு இது பயனில்லை என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து எல்லோருக்கும் வைப்பதில் அர்த்தமில்லை என்பதை அது அழுத்தமாகச் சொல்கிறது.

கிரோமெட்டால் கிடைக்கும் நிச்சயமான பலன்கள் இரண்டு. நீர் நீங்கியதும் கேட்பது உடனே தெளிவாகிறது. அடுத்து, தொற்று வந்தாலும் சீழ் உள்ளே அடைபடாமல் வெளியே வந்துவிடுவதால் அந்த ராத்திரி வலி பெரும்பாலும் இருப்பதில்லை. வாயால் சாப்பிடும் ஆன்டிபயாடிக்குக்குப் பதில் காதில் விடும் சொட்டு மருந்தே போதுமானதாகிறது. பாப்பாவின் பெற்றோர் சம்மதித்தது இந்த இரண்டுக்காகத்தான்.

ஏற்கனவே ஜவ்வில் ஓட்டை விழுந்து மாதக்கணக்கில் சீழ் வடியும் குழந்தைக்குக் கிரோமெட் தீர்வல்ல. அங்கே துளை ஏற்கனவே இருக்கிறது. அது வேறு நோய், அதற்குச் சிகிச்சையும் வேறு.

ஆபரேஷன் நாள்

பெரியவர்களுக்கு ஜவ்வை மரத்துப்போகச் செய்து இதைச் செய்துவிடலாம். ஆடாமல் படுக்க முடியாத குழந்தைகளுக்கு முழு மயக்கம் தேவை. அதனால் முன்கூட்டியே பட்டினி இருக்க வேண்டும்: வழக்கமான சாப்பாடும் மாட்டுப்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பு. வெறும் தண்ணீரை எப்போது வரை தரலாம் என்பதை மயக்க மருத்துவர் சொல்வார். "அழறாளே, ரெண்டு பிஸ்கட் குடுத்தேன்" என்றால் அன்றைய ஆபரேஷன் தள்ளிப்போகும். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தாலும் தள்ளிப்போடுவார்கள்.

முகமூடி வழியாக மயக்க வாயு கொடுத்ததும் மருத்துவர் மைக்ராஸ்கோப்பைக் காதுக்கு நேராக நிறுத்துகிறார். வெளியே எங்கும் வெட்டோ தையலோ கிடையாது; காதுத் துளை வழியாகவே எல்லாம் நடக்கும். மேலே இருக்கும் மெல்லிய எலும்புகளுக்கு எட்டாதபடி, ஜவ்வின் கீழ்ப்பகுதியில் முன்பக்கமாக இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு சிறு கீறல். உறிஞ்சும் குழாய் வைத்து நீரை இழுக்கிறார். நாள்பட்ட நீர் என்றால் கெட்டியாகி இழைபோல வரும். பிறகு கிரோமெட்டின் ஒரு விளிம்பைக் கீறலுக்குள் நுழைத்து, மறு விளிம்பு வெளியே நிற்கும்படி பொருத்துகிறார். இரண்டு காதுக்கும் சேர்த்துப் பத்து, பதினைந்து நிமிடம். நான்கு வயது ஆகியிருந்தாலோ, இது இரண்டாவது முறை என்றாலோ, அடினாய்டை எடுப்பது பற்றியும் பேசியிருப்பார்கள். அப்படியானால் நேரமும் கூடும், தேறுவதற்கான நாட்களும் கூடும்.

மயக்கம் தெளியும்போது அரைமணி நேரம் போல் குழந்தை காரணமே இல்லாமல் திமிறி அழலாம். அது பெரும்பாலும் வலியால் அல்ல, மயக்க மருந்தின் விளைவு. மடியில் வைத்துக்கொண்டால் அடங்கிவிடும். கொஞ்சம் குடித்து, வாந்தி இல்லை என்றால் அன்று மாலையே வீட்டுக்கு வரலாம். வலிக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் ஓரிரு நாள் போதும். இரண்டு மூன்று நாளுக்குக் கொஞ்சம் நீராகவோ லேசான ரத்தச் சாயலோடோ கசியலாம். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ பிளே ஸ்கூலுக்கு அனுப்பலாம். சில குழந்தைகள் முதல் வாரத்தில் மிக்ஸி சத்தத்துக்கும் பிரஷர் குக்கர் விசிலுக்கும் காதைப் பொத்திக்கொள்வார்கள். இத்தனை நாள் மந்தமாகக் கேட்டது இப்போது முழுசாகக் கேட்பதால் வரும் கலவரம் அது. சில நாளில் பழகிவிடும்.

ஒரு வருடத்துப் பராமரிப்பு

ஆபரேஷனிலிருந்து தேற ஒரு நாள் போதும். ஆனால் கிரோமெட் ஜவ்வில் இருப்பதோ வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை. அதுவரை கவனித்துக்கொள்ள வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் ஒருமுறை காட்டி, குழாய் திறந்திருக்கிறதா, கேட்பது சரியாகிவிட்டதா என்று பார்ப்பார்கள். பிறகு நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அது விழும் வரை.

முதலில் எழும் கேள்வி குளியல். தலைக்குக் குளிக்கலாமா? தாராளமாக. அந்தத் துளை மிகச் சிறியது. சாதாரணத் தண்ணீர் அவ்வளவு எளிதாக உள்ளே போகாது. எல்லாக் குழந்தைகளுக்கும் எப்போதும் காதடைப்பான் தேவையில்லை என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். சோப்பும் ஷாம்பூவும் கலந்த நீர் சற்று எளிதாகப் புகும் என்பதால் தலை அலசும்போது வாஸ்லைன் தடவிய பஞ்சை வெளிக்காதில் வைத்துக்கொள்வது போதும். முதல் இரண்டு வாரம் கழிந்ததும் நீச்சல் குளத்தில் மேலாக நீந்தலாம். கிணற்றில் குதிப்பது, ஆழத்தில் முங்குவது, குளம் குட்டையில் ஆடுவது இவை வேண்டாம். அங்கே நீரின் அழுத்தமும் அழுக்கும் இரண்டுமே பிரச்சனை. விமானத்தில் போகத் தடையில்லை. காற்று இரு பக்கமும் போய்வருவதால் காது அடைப்புக்கூடக் குறைவாகவே இருக்கும்.

எண்ணெய்க் குளியலும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் காதுக்குள் எண்ணெய் விடக் கூடாது. நல்லெண்ணெய், பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய், எதுவாக இருந்தாலும் சரி. ஜவ்வில் திறந்த துளை இருக்கும் காதில் விடும் எதுவும் நேராக நடுக்காதுக்குப் போகும். குளித்ததும் காதில் ஊதிவிடுவதும் பட்ஸ் போட்டுக் குடைவதும் வேண்டாம்.

அடுத்தது, பெற்றோர் அதிகம் பயந்துபோகும் விஷயம்: காது ஒழுகுவது. பாப்பாவுக்கு ஏப்ரலில் கிரோமெட் வைத்தார்கள். ஜூனில் பிளே ஸ்கூல் திறந்ததும் சளி பிடித்தது. மூன்றாம் நாள் வலது காதிலிருந்து மஞ்சளாக வடிந்தது. காய்ச்சல் இல்லை, அழுகையும் இல்லை, விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். "காசு செலவழிச்சு ஆபரேஷன் பண்ணியும் காது ஒழுகுதே" என்று வீட்டில் ஒரே கலக்கம். உண்மையில் குழாய் செய்ய வேண்டியதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. முன்பு உள்ளே அடைபட்டு வலித்த சீழ் இப்போது வெளியே வருகிறது. கிரோமெட் வைத்த குழந்தைகளில் நிறையப் பேருக்கு ஒரு தடவையாவது இப்படி வரும்.

இதற்கு முதல் மருந்து சொட்டு மருந்துதான், சிரப் அல்ல. நெதர்லாந்தில் 230 குழந்தைகளை வைத்து நடந்து, 2014இல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்து விட்டவர்களில் இரண்டு வாரம் கழித்து 100க்கு 5 பேருக்கு மட்டுமே காது இன்னும் ஒழுகியது. வாய்வழி ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் அது 44. முதலில் மருந்தே கொடுக்காமல் கவனித்தவர்களில் 55. சொட்டு மருந்து சீழ் இருக்கும் இடத்துக்கே நேரடியாகப் போய்ச் சேர்வதால் இந்த வித்தியாசம்.

அதை விடும் முறைதான் முக்கியம். வெளியே வழிந்திருப்பதைச் சுத்தமான துணியாலோ டிஷ்யூவைத் திரியாக முறுக்கியோ ஒற்றி எடுக்க வேண்டும். பாட்டிலைக் கையில் சிறிது நேரம் பொத்தி வைத்திருந்தால் சில்லிப்புப் போய்விடும். சில்லென்று விட்டால் குழந்தைக்குத் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருத்துவர் சொன்ன அளவு விட்டு, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறிய குருத்தெலும்பு மடலை நான்கைந்து தடவை அழுத்தி அழுத்தி விட வேண்டும். அந்த அழுத்தம்தான் மருந்தைக் கிரோமெட் வழியாக உள்ளே தள்ளும். இதைச் செய்யாவிட்டால் மருந்து வெளிக்காதிலேயே தேங்கி, "மருந்து கேக்கல" என்ற புகாராக முடியும்.

எந்த மருந்து என்பதிலும் கவனம் வேண்டும். ஜவ்வில் துளை இருக்கும் காதுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் வகைச் சொட்டுகள் பாதுகாப்பானவை. ஜென்டமைசின், நியோமைசின் கலந்தவை உள்காதுக்குப் போனால் கேட்கும் திறனைக் கெடுக்கக்கூடும். ஆகவே வீட்டில் மிச்சம் இருக்கும் பழைய பாட்டில், மருந்துக் கடையில் வாயால் சொல்லி வாங்கியது, குறும்பி கரைக்கும் சொட்டு, இவற்றில் எதையும் கிரோமெட் உள்ள காதில் விடக் கூடாது. கடைக்காரரிடமும் புதிய மருத்துவரிடமும் "காதுல கிரோமெட் இருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாப்பாவுக்கு ஐந்தாம் நாள் ஒழுகல் நின்றது. ஏழு முதல் பத்து நாளாகியும் நிற்கவில்லை என்றாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். குழாயைச் சுற்றிச் சதை வளர்ந்திருக்கலாம், உறிஞ்சிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம். காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து காது மடல் முன்னால் தள்ளினாலோ, கடும் காய்ச்சலோடு குழந்தை சோர்ந்து கிடந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் தொற்று பரவியதன் அறிகுறி அது.

குழாய் விழுந்த பிறகு

ஜவ்வின் தோல் மெல்ல மெல்ல வளர்ந்து கிரோமெட்டை வெளியே தள்ளிவிடும். பெரும்பாலும் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை. குறும்பியோடு சேர்ந்து விழுந்ததை யாரும் கவனிப்பதுகூட இல்லை. பாப்பாவின் இடது குழாய் எட்டாம் மாதப் பரிசோதனையில் காதுக் குழியில் கிடந்தது; வலது பதினான்காம் மாதம் விழுந்தது. துளை பொதுவாகத் தானே மூடிக்கொள்ளும். நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு மூடாமல் போகலாம். பின்னால் அடைக்க வேண்டிவரும். நீண்ட நாள் தங்குவதற்கென்றே செய்த டி வடிவக் குழாய்களில் இந்த ஆபத்து பல மடங்கு அதிகம் என்பதால் முதல் முறை அதை வைப்பது அரிது. ஜவ்வில் வெள்ளைத் தழும்பு விழுவது சகஜம். கேட்பதை அது பொதுவாகப் பாதிப்பதில்லை. இரண்டு மூன்று வருடமாகியும் விழாத குழாயை எடுத்துவிடுவார்கள்.

சிலருக்கு, குழாய் விழுந்த சில மாதத்தில் நீர் மறுபடி கோக்கும். நான்கைந்து குழந்தைகளில் ஒருவருக்கு இரண்டாவது முறை வைக்க வேண்டிவரலாம். முதல் முறை தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. யூஸ்டேசியன் குழாய் இன்னும் வளரவில்லை என்பதுதான். அதனால் குழாய் விழுந்ததும் கணக்கை முடித்துவிடாமல், அதற்குப் பிறகு ஒருமுறை டிம்பனோமெட்ரியும் செவித்திறன் சோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

முதல் தடவை ஈ.என்.டி. மருத்துவரைப் பார்க்கப் போகும் பெற்றோர் அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: "இன்னிக்கு ரெண்டு காதுலயும் தண்ணி இருக்கா? போன தடவை பார்த்தப்ப இருந்ததா? கேக்கறது எவ்வளவு குறைஞ்சிருக்கு?" இந்த மூன்றுக்கும் தாளில் பதில் இருந்தால் கிரோமெட் பற்றி முடிவெடுப்பது கடினமல்ல. பதில் இல்லாமல், "இத்தனை தடவை வந்திருச்சு, வச்சிடலாம்" என்பது மட்டுமே காரணம் என்றால், இன்னும் ஆறு வாரம் பொறுத்து அந்தச் சோதனைகளைச் செய்துகொண்டு முடிவெடுப்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு எந்த நஷ்டமும் இல்லை.